தாய்மாமன் கல்யாணமும் மூன்றில் இரண்டும்

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் வம்சாவளிப் படம் வரும் பாடத்தைப் பல பிள்ளைகள் இப்போது போன் திரையில்தான் படிக்கிறார்கள். ஆசிரியர் எடுத்த ஸ்கிரீன்ஷாட் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. சதுரம் ஆண், வட்டம் பெண். உள்ளே கறுப்பு நிரம்பியிருந்தால் அந்தப் பண்பு உள்ளவர். படத்துக்குக் கீழே வழக்கமாக இரண்டு கேள்விகள் இருக்கும்: இந்தப் பண்பு எந்த வழியில் பிள்ளைகளுக்குப் போகிறது? குறிப்பிட்ட ஒருவர் அதன் கடத்தியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

இந்தப் பாடத்துக்குப் பழக்கமான உதாரணம் விக்டோரியா மகாராணியின் வாரிசுகளிடம் பரவிய ஹீமோஃபிலியா. நல்ல உதாரணம்தான். ஆனால் ஆரணியில் ஒரு பிள்ளை தன் சொந்தக் குடும்பத்தை வரைய உட்கார்ந்தால், அந்த அரச குடும்பத்துப் படத்தில் பெரிதாகக் கவனிக்கப்படாத ஒரு குறி தேவைப்படும். கணவனையும் மனைவியையும் இணைக்கும் கோடு ஒற்றையாக இல்லாமல் இரட்டையாக இருந்தால், அவர்கள் திருமணத்துக்கு முன்பே இரத்த உறவினர் என்று பொருள். அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன், அத்தை மகனைக் கட்டிய மாமன் மகள் எல்லாரும் அந்த இரட்டைக் கோட்டுக்குள் வருவார்கள். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் சொந்தத்தில் நடந்தவை என்று தெரியவந்தது. இதை நம் வட்டாரத்திலேயே நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் 1970-களில் வட ஆற்காடு மாவட்டத்துக் குடும்பங்களை வைத்து உறவுத் திருமணத்தின் விளைவுகளைக் கணக்கிட்டுக் கட்டுரைகள் எழுதினார்கள். ஆரணி அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். இது பாடத்துக்காக நான் வரைந்த கற்பனைக் குடும்பம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் ஒரு நிஜக் குடும்பத்தின் படத்தை வகுப்புக் குழுவில் போடக் கூடாது. பெயரை அழித்தாலும் நாலு சதுரத்தையும் மூன்று வட்டத்தையும் பார்த்தே தெருவில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தாத்தா, பாட்டி இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். நான்கு பிள்ளைகள். மூத்த அக்காவுக்குக் கேட்கும். அடுத்த பெரிய தம்பி பிறவியிலேயே காது கேளாதவர். அவருடைய சதுரம் கறுப்பு. மூன்றாவதாகச் சின்னத் தம்பி, அவருக்குக் கேட்கும். கடைசித் தங்கை காது கேளாதவர். படத்தின் வலது ஓரத்தில் ஒரு கறுப்பு வட்டம். அக்காவை வெளியில் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குப் பிறந்த மகளுக்குக் காது கேட்கும். அந்த மகளைச் சின்னத் தம்பி, அதாவது அவளுடைய தாய்மாமன், மணக்கிறார். இங்கே இரட்டைக் கோடு வருகிறது. இவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்பது கேள்வி.

முதலில் கடத்தல் முறை. காது கேட்கும் அப்பா அம்மாவுக்குக் கேளாத பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். ஓங்கு பண்பாக இருந்தால் பெற்றோரில் ஒருவரிடமாவது அது வெளியே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, அதனால் ஒடுங்கு பண்பு. அடுத்து, அந்த மரபணு உடல் குரோமோசோமில் இருக்கிறதா, X குரோமோசோமிலா? இதற்குப் பதில் சொல்பவர் வலது ஓரத்தில் இருக்கும் கடைசித் தங்கை ஒருவர்தான். X-இல் இருக்கும் ஒடுங்கு பண்பு ஒரு பெண்ணிடம் வெளிப்பட வேண்டுமானால் அவளுடைய இரண்டு X-களிலும் அந்தப் பிழை இருக்க வேண்டும். அதில் ஒன்று அப்பாவிடமிருந்து வருவது. அப்பாவுக்கு இருப்பதே ஒரு X. அதில் பிழை இருந்தால் அவருக்கும் கேட்காது. அவருக்கோ கேட்கிறது. ஆக X வழி அடிபட்டுப் போகிறது. இது உடல் குரோமோசோமில் அமைந்த ஒடுங்கு பண்பு.

இப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுக்கும்போது வலது ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டுவிட்டது என்று வையுங்கள். கடைசித் தங்கை காணோம். மிச்சம் இருப்பது கேளாத ஓர் ஆண் மட்டும். X வழி என்பது மறுபடியும் சாத்தியமாகிறது, கணக்கு தலைகீழாகிறது. X வழியில் காது கேட்கும் சின்னத் தம்பி கடத்தியாக இருக்கவே முடியாது. அவருடைய ஒரே X நல்லது. உடல் குரோமோசோம் வழியிலோ அவர் கடத்தியாக இருக்க 2/3 வாய்ப்பு. ஓரத்தில் ஒரு வட்டம் போனதற்கு இவ்வளவு விலை. வெட்டுப்பட்ட படத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. உடன்பிறப்புகளைச் சேர்க்கும் கிடைக்கோடு கடைசிப் பிள்ளையின் மேல் கீழிறங்கி முடிய வேண்டும். அது படத்தின் விளிம்புவரை ஓடி அங்கேயே நின்றுவிட்டால், அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் நிறம். போனில் டார்க் மோடு போட்டிருந்தால் சில செயலிகள் பக்கத்தின் நிறங்களையே திருப்பிப் போட்டுவிடும். கறுப்புச் சதுரம் வெள்ளையாகும், வெள்ளைச் சதுரம் கறுப்பாகும். பட்டு நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. பார்டர் டிசைனைக் கட்டத் தாளில் வரைந்து அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடும்போது, நிரப்பிய கட்டத்துக்குத் துளையா வெற்றுக் கட்டத்துக்குத் துளையா என்பதை மாற்றிக்கொண்டால் பூ வர வேண்டிய இடம் வெறுமையாகி, மற்ற இடமெல்லாம் நிரம்பிவிடும். வம்சாவளிப் படத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு: சதுரத்தின் உள்நிறமும் பக்கத்தின் பின்னணி நிறமும் ஒன்றாக இருந்தால் அவர் பண்பு இல்லாதவர். நிறம் எப்படித் திரும்பினாலும் இது மாறாது.

இனி வாய்ப்புக் கணக்கு. நல்ல பிரதியை A என்றும், பழுதான பிரதியை a என்றும் வைத்துக்கொள்வோம். கேளாத பிள்ளைகள் பிறந்ததால் தாத்தா, பாட்டி இருவரும் Aa என்பது உறுதி. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கும்போது நான்கு விதச் சேர்க்கை வரலாம்: AA, அப்பாவிடமிருந்து a வாங்கிய Aa, அம்மாவிடமிருந்து a வாங்கிய Aa, பிறகு aa. இதைப் பார்த்துவிட்டுப் பல மாணவர்கள் சின்னத் தம்பி கடத்தியாக இருக்கும் வாய்ப்பு நாலில் இரண்டு, அதாவது 1/2 என்று எழுதுவார்கள். மதிப்பெண் போகும் இடம் இதுதான். சின்னத் தம்பிக்குக் காது கேட்கிறது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே aa என்ற நான்காவது சேர்க்கை அவரைப் பொறுத்தவரை இல்லை. மிச்சம் மூன்று, அதில் இரண்டு Aa. எனவே 2/3. அக்காவுக்கும் அதே 2/3.

அக்காவின் மகளுக்கு வருவோம். அவள் கடத்தியாக இருக்க இரண்டு காரியம் நடக்க வேண்டும்: அக்கா கடத்தியாக இருக்க வேண்டும், அவர் அந்த a-வை மகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். 2/3 × 1/2 = 1/3. அக்காவின் கணவர் வெளியிலிருந்து வந்தவர், அவர் குடும்பத்தில் இந்தக் குறை இல்லை, அவரிடம் a இல்லை என்று வைத்துக்கொண்டோம். விடைத்தாளில் இந்த அனுமானத்தை ஒரு வரி எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் 1/3 எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. அவளுக்குக் காது கேட்பதை வைத்து இங்கே எதையும் கழிக்க வேண்டியதில்லை. அப்பா AA என்றால் அவள் aa ஆகப் பிறக்க வழியே இல்லை, கழிக்க ஒன்றும் இல்லை. மூன்றில் இரண்டு என்பதை மனப்பாடம் செய்துவிட்டுக் காது கேட்பவர் எல்லாருக்கும் போடுபவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

தாய்மாமன் 2/3, மருமகள் 1/3. இருவரும் கடத்திகளானால் ஒவ்வொரு குழந்தைக்கும் 1/4.

2/3 × 1/3 × 1/4 = 1/18

அதே சின்னத் தம்பி வெளியில் பெண் எடுத்திருந்தால்? ஊரில் 50 பேரில் ஒருவர் இந்த மரபணுவின் கடத்தி என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 2/3 × 1/50 × 1/4, அதாவது 300-இல் ஒன்று. அந்த வெளிப் பெண்ணிடம் a இல்லை என்று வைத்து, அக்கா மகளும் சின்னத் தம்பியின் மகனும் மணந்தால் இரு பக்கமும் 1/3. விடை 36-இல் ஒன்று. இரட்டைக் கோட்டின் முழு வேலையும் இந்த மூன்று எண்களில் இருக்கிறது. உறவுத் திருமணம் எந்தப் பிழையையும் புதிதாக உண்டாக்குவதில்லை. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இரண்டு கிளைகளில் இறங்கிய ஒரே a, ஒரு குழந்தையிடம் மறுபடி சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. a குடும்பத்தில் இல்லையென்றால் கூட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. சுந்தர் ராவும் இன்பராஜும் எதிர்பார்த்த அளவுக்கு மோசமான விளைவுகளைக் காணவில்லை என்பதும், தலைமுறை தலைமுறையாக நடந்த உறவுத் திருமணங்களில் உயிரைப் பறிக்கும் பிழைகள் பல முன்பே வடிந்து போயிருக்கலாம் என்று கருதியதும் இங்கே நினைவில் வைக்க வேண்டியவை.

1/18 என்பது கல்யாணத்தன்று சொல்லக்கூடிய எண். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க அது மாறும். இந்தத் தம்பதிக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டுக்கும் காது கேட்கிறது என்று வையுங்கள். மூன்றாவது குழந்தைக்கும் 1/18 தானா? இதே நிலையில் உள்ள 72 தம்பதிகளை எண்ணிப் பார்க்கலாம். இருவருமே கடத்திகள் என்பதற்கு வாய்ப்பு 2/9, ஆக 72-இல் 16 தம்பதிகள். அந்தப் பதினாறில் இரண்டு குழந்தைக்கும் கேட்கும் வாய்ப்பு 3/4 × 3/4, எனவே 9 தம்பதிகள். மீதி 56 தம்பதிகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்கும். ஆகக் கேட்கும் இரண்டு பிள்ளைகளோடு நம் முன்னே நிற்பவர்கள் 65 தம்பதிகள். அவற்றில் 9 தம்பதிகளில்தான் இருவருமே கடத்திகள். மூன்றாவது குழந்தைக்கான வாய்ப்பு 9/65 × 1/4, ஏறத்தாழ 29-இல் ஒன்று. மாறாக முதல் குழந்தைக்கே காது கேளாவிட்டால் இந்த ஊகமெல்லாம் முடிந்துபோகிறது: இருவரும் கடத்திகள், அடுத்த குழந்தைக்கு 1/4. ஒன்று அப்படிப் பிறந்துவிட்டது, இனி மூன்று நன்றாகப் பிறக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதே 1/4 புதிதாகத் தொடங்குகிறது.

இதே குடும்பத்தில் அக்கா மகளைச் சின்னத் தம்பி கட்டாமல், காது கேளாத பெரிய தம்பி கட்டியிருந்தால் படம் வேறு விதமாக ஏமாற்றும். அவர் aa. அவள் கடத்தியாக இருக்க 1/3. இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்கூட்டிச் சொன்னால் 1/6. அப்படி இரண்டு மூன்று கேளாத குழந்தைகள் பிறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். படத்தின் அந்த மூலையை மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? அப்பாவுக்குக் கேட்காது, அம்மாவுக்குக் கேட்கும், பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கேட்காது. அசல் ஓங்கு பண்பு போலவே இருக்கும். இது ஒடுங்கு பண்புதான் என்று சொல்லித் தருபவை மேலே இருக்கும் தாத்தா பாட்டியின் வெற்றுச் சதுரமும் வட்டமும், பக்கத்தில் ஓடும் இரட்டைக் கோடும். ஆனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது நெருக்கமான இரண்டு மெல்லிய கோடுகள் ஒட்டி ஒன்றாகத் தெரிவது சகஜம். அந்தக் கோடு மற்றத் திருமணக் கோடுகளைவிடக் கொஞ்சம் தடித்தோ மங்கியோ இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், முடிந்தால் மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டுக் குடும்பப் படத்தில் ஓங்கு என்று எழுதுவதற்கு முன்பு நான் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

மிச்சம் இருப்பவர் கடைசித் தங்கை. பாடப்புத்தக விதி முறிந்துபோகும் இடம் அவருடைய வீடு. அவர் தன்னைப் போலவே காது கேளாத ஒருவரை மணந்தார். அந்த மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்கும் காது கேட்கும். இவர்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நன்றாகக் கேட்கிறது. பண்பு உள்ள இருவருக்குப் பண்பு இல்லாத பிள்ளை பிறந்தால் அது ஓங்கு பண்பு என்பது விதி. ஆனால் இரு பக்கத்துப் பெற்றோரைப் பார்த்தால் ஒடுங்கு. ஒரே படத்தில் இரண்டு முடிவுகள் மோதுகின்றன. மோதலுக்குக் காரணம் நாமே அறியாமல் வைத்த ஓர் அனுமானம்: கறுப்பு நிரம்பிய எல்லாருக்கும் ஒரே மரபணுவில்தான் பழுது என்று நினைத்துவிட்டோம். காது கேட்க நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். அம்மாவுக்கு ஒன்றில் பழுது, அப்பாவுக்கு வேறொன்றில். பிள்ளைகளுக்கு அப்பாவிடமிருந்து முதல் மரபணுவின் நல்ல பிரதியும், அம்மாவிடமிருந்து இரண்டாவதின் நல்ல பிரதியும் கிடைத்துவிடுகின்றன. அதனால் கேட்கிறது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு மரபணுவுக்கும் கடத்தி. இதில் வாய்ப்புக் கணக்கே இல்லை, முழு உறுதி.

இது பாடத்துக்காகப் புனைந்த விசித்திரம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் சி.ஆர். ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதியின் குழு, தமிழ்நாட்டில் காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொண்ட குடும்பங்களைத் தேடிப் போய் வம்சாவளி வரைந்து, மரபணுவைப் படித்தது. 2018-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் முக்கிய இடம் பெற்றது GJB2 என்ற மரபணு. உள்காதில் பக்கத்துப் பக்கத்துச் செல்களை இணைக்கும் வாயில்களைக் கட்டும் கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான குறிப்பு அதில் இருக்கிறது. அந்தப் புரதம் 226 அமினோ அமிலங்கள் நீளம். நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் பிழைக்கு W24X என்று பெயர்: 24-ஆவது இடத்தில் TGG என்று இருக்க வேண்டியது TAG ஆகிறது. TAG என்றால் நிறுத்து. 23 அமினோ அமிலங்களோடு புரதம் அறுந்துபோகிறது. கணவன் மனைவி இருவருக்கும் காது கேளாமைக்குக் காரணம் இந்த ஒரே மரபணுவானால் பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்காது. வெவ்வேறு மரபணுவானால் எல்லாருக்கும் கேட்கும்.

சின்னத் தம்பி அக்கா மகளைக் கட்டாமல், a இல்லாத வெளிப் பெண்ணைக் கட்டியிருந்தால், அவருடைய மகள் கடைசித் தங்கையின் மகனுக்கு முறைப்பெண், மாமன் மகள். அவன் a-வின் உறுதியான கடத்தி, அவள் 1/3. குழந்தைக்கு 1 × 1/3 × 1/4, அதாவது 12-இல் ஒன்று. அப்பா அம்மா இருவருமே காது கேட்பவர்களாக இருந்த முந்தைய ஜோடிக்கு 36-இல் ஒன்று என்று பார்த்தோம். அவனுக்கு நன்றாகக் கேட்கிறதே, அவன் பக்கம் பிரச்சினை இல்லை என்று பெண் வீட்டார் நினைத்துவிடுவது இயல்பு. படத்தை முழுதாக வரைந்தால்தான் எண் வேறு என்று தெரியும்.

இத்தனை கணக்கும் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: கறுப்பு நிரப்பியவரின் குறை மரபணுவால் வந்தது. காது கேளாமைக்கு வேறு காரணங்களும் உண்டு. கர்ப்பத்தின்போது தாய்க்கு வந்த ரூபெல்லா, பிறந்த குழந்தைக்கு வந்த கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல். அப்படிக் கேளாமல் போன ஒருவரையும் வரைபவர் அதே கறுப்பில்தான் நிரப்புவார். அதனால் அனுபவமுள்ள மரபியல் ஆலோசகர் சதுரத்துக்குப் பக்கத்தில், எந்த வயதில் கேட்காமல் போனது, முன்னால் காய்ச்சல் வந்ததா என்று சின்ன எழுத்தில் குறித்துக்கொள்வார். பாடப்படத்தில் அந்தக் குறிப்பு இருக்காது. நம் கற்பனைக் குடும்பத்தில் இருவருக்குக் கேட்காது என்பதால் மரபணுக் காரணம் வலுவாகிறது. ஒரே ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் இருந்திருந்தால் 2/3 என்று அவ்வளவு தைரியமாக எழுத முடியாது.

நிஜத்தில் இப்படி ஒரு தாய்மாமனும் அக்கா மகளும் கேட்டு வந்தால், ஆலோசகர் முதலில் இரத்தம் எடுக்கச் சொல்வது அவர்கள் இருவரிடமும் இல்லை, காது கேளாத பெரிய தம்பியிடம் அல்லது கடைசித் தங்கையிடம். குடும்பத்தில் ஓடும் பிழை எது என்று தெரியாமல் பெண்ணிடம் மட்டும் GJB2-ஐப் படித்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதால் பயனில்லை. குடும்பத்தின் பிழை வேறு மரபணுவில் இருக்கலாம். தங்கையிடம் W24X இரண்டு பிரதியிலும் இருப்பது தெரிந்துவிட்டால் வேலை எளிது. GJB2-இல் புரதத்துக்கான குறிப்பு முழுவதும் ஒரே துண்டில் இருப்பதால் அதைப் படிப்பது மற்றப் பல மரபணுக்களைவிடச் சுலபம். பெண்ணிடமும் மாமனிடமும் அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். இருவரில் ஒருவரிடம் அது இல்லையென்றால் 1/18 அநேகமாகப் பூச்சியத்துக்கு இறங்குகிறது. இருவரிடமும் இருந்தால் 1/4 ஆகிறது. குழந்தை பிறந்த உடனே செவிப் பரிசோதனைக்கு எடுத்துப்போக வேண்டும் என்பதும் அன்றே தெரிந்துவிடும்.